இரண்டாம் ஊசிக்கு ஏன் வருவதில்லை: சுகாதார நம்பிக்கை மாதிரியை வைத்து ஒரு பிரசாரத்தைத் திருத்துவது

கேள்வி: பென்னாகரம் வட்டாரத்தில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசியின் இரண்டாம் தவணைக்காகப் பிரசாரம் செய்யப் போகிறோம். சுகாதார நம்பிக்கை மாதிரியின் ஆறு கூறுகளுக்கும் ஒன்றொன்றாக ஆறு சுவரொட்டிகள் எழுதியாயிற்று. முதல் தவணைக்கு வந்த குடும்பங்களே இரண்டாவதற்கு வருவதில்லை என்பதுதான் சிக்கல். இந்த வடிவமைப்பு சரியா? எதை மாற்ற வேண்டும்?

பதில்:

சுவரொட்டிகளை அச்சுக்குக் கொடுப்பதைச் சில வாரங்கள் தள்ளிப்போடுங்கள். சுகாதார நம்பிக்கை மாதிரி என்பது செய்திகளை நிரப்புவதற்கான ஆறு கட்டங்கள் அல்ல. ஒரு குறிப்பிட்ட மக்கள் கூட்டத்தில் எந்த நம்பிக்கை ஏற்கெனவே இருக்கிறது, எது இல்லை என்று கண்டுபிடிப்பதற்கான ஆறு கேள்விகள் அவை: தனக்கும் நோய் வரலாம் என்ற எண்ணம், நோயின் கடுமை, செய்வதால் வரும் பயன், செய்யவிடாத தடைகள், செய்யத் தூண்டுவது, தன்னால் முடியும் என்ற நம்பிக்கை. கேட்காமலே ஆறுக்கும் எழுதினால், மக்கள் முன்பே நம்புகிற விஷயங்களுக்குப் பெரும்பகுதிப் பணம் போய்விடும். உண்மையான தடைக்கு ஆறில் ஒரு பங்குதான் கிடைக்கும்.

இந்த மாதிரி பிறந்த கதையிலேயே இது தெரியும். 1950-களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை, காசநோயைக் கண்டறிய எக்ஸ்ரே வண்டிகளை வீட்டுக்கு அருகிலேயே இலவசமாக நிறுத்தியும் கூட்டம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஆராய்ந்த சமூக உளவியலாளர்களில் ஒருவரான காட்ஃப்ரி ஹாக்பாம், வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டார். தனக்கும் நோய் வரலாம், முன்பே கண்டறிந்தால் நன்மை உண்டு என்ற இரண்டையும் நம்பியவர்களில் 82 சதவீதம் பேர் தாமாக எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். இரண்டையும் நம்பாதவர்களில் 21 சதவீதம் பேர்தான் எடுத்திருந்தார்கள். வராதவர்களை மட்டும் கேட்டிருந்தால் அவருக்கு இந்த வேறுபாடு கிடைத்திருக்காது. உங்கள் வேலையும் அந்த ஒப்பீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒப்பிடுவதற்கு முன்பே ஒரு சுவரொட்டியை நீக்கிவிடலாம் என்பது என் கருத்து. நோயின் கடுமையைச் சொல்லும் சுவரொட்டியில் பெரும்பாலும் உடல் முழுவதும் தடிப்போடு அழுகிற குழந்தையின் படம் இருக்கும். இந்த மாதிரியை வைத்துச் செய்த ஆய்வுகளை 1984-இல் தொகுத்துப் பார்த்த ஜான்ஸ், பெக்கர் இருவரும், நடத்தையை மிக அதிகமாக முன்னறிவிப்பது தடைகள் என்றும், கடுமை பற்றிய எண்ணமே மிகக் குறைவாக முன்னறிவிக்கிறது என்றும் கண்டார்கள். 2014-இல் அமெரிக்கப் பெற்றோரிடம் நடந்த ஒரு சோதனையில், தட்டம்மை முதலிய நோய்கள் தாக்கிய குழந்தைகளின் படங்களைக் காட்டியபோது தடுப்பூசி போடும் எண்ணம் கூடவில்லை; தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற தவறான நம்பிக்கைதான் கூடியது. பயம் எதன்மேல் போய் உட்காரும் என்பது நம் கையில் இல்லை. தருமபுரிப் பக்கத்தில் இன்னொரு காரணமும் உண்டு. இங்கே பல வீடுகளில், மணல்வாரி என்று சொல்லும் தட்டம்மை வந்தால் அம்மன் வந்திருப்பதாகக் கொண்டு, வேப்பிலை கட்டி, வீட்டைச் சுத்தமாக வைத்து, மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்கிறார்கள். அந்தத் தடிப்பைக் கோரமான படமாகச் சுவரில் ஒட்டினால், ஊசியைப் பற்றி எந்த மறுப்பும் இல்லாத பாட்டிக்குக்கூட ஒரு மனக்குறையை உண்டாக்கிவிடுவோம்.

அடுத்து, உங்கள் கேள்வியிலேயே இருக்கும் முக்கியமான தகவலைக் கவனியுங்கள். இந்தக் குடும்பங்கள் முதல் தவணைக்கு வந்தவை. 9 மாதத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் தடுப்பூசியை எதிர்ப்பவர்கள் அல்லர். ஆகவே தேட வேண்டியது, அந்த ஒன்பதாம் மாதத்துக்கும் இரண்டாம் தவணைக்குரிய 16 முதல் 24 மாதத்துக்கும் இடையில் என்ன மாறியது என்பதை.

இதன் அளவைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். சமவெளியில் ஒரு துணை சுகாதார நிலையத்தின் கீழ் சுமார் 5,000 பேர் இருப்பார்கள். ஆண்டுக்கு எழுபது குழந்தைகள் பிறப்பதாக வைத்துக்கொள்ளலாம். இப்போது இரண்டு வயது முடிந்து மூன்று முடியாத அந்த எழுபது பேரில் 66 பேர் முதல் தவணையும் 51 பேர் இரண்டாம் தவணையும் பெற்றிருந்தால், இடையில் விட்டவர்கள் 15 பேர், அதாவது ஏறத்தாழ 23 சதவீதம். சதவீதமாகச் சொன்னால் பெரிதாகத் தெரிவது, பட்டியலாக எழுதினால் பதினைந்து வீடுகள். அவ்வளவு வீடுகளையும் நேரில் போய்ப் பார்க்க முடியும். இப்படி மூன்று நான்கு நிலையங்களின் பட்டியலைச் சேர்த்தால், இரண்டாம் தவணை போட்ட 45 தாய்மாரும் போடாத 45 தாய்மாரும் கிடைப்பார்கள். களத்தில் இத்தகைய தடை ஆய்வுக்கு வழக்கமாக எடுக்கும் எண்ணிக்கையும் அதுதான்.

கேட்கப் போவது யார் என்பதில் கவனமாக இருங்கள். கிராம சுகாதார செவிலியரே கேட்டால், "நர்சம்மா, ஊசி நல்லதுதான், வேலையில மறந்துட்டோம்" என்ற மரியாதையான பதில்தான் வரும். வேறு ஊரைச் சேர்ந்த மகளிர் குழுப் பெண்களோ செவிலியர் கல்லூரி மாணவிகளோ கேட்பது மேல். ஒகேனக்கல் பக்கத்துக் காவிரிக்கரை ஊர்களில் வீட்டில் கன்னடம் பேசுகிறவர்களிடம் கன்னடத்தில் கேளுங்கள். இதே வேலையைக் கிருஷ்ணகிரியில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் செய்தால் தெலுங்கும் வேண்டியிருக்கும்.

கேள்விகளைப் பேச்சு மொழியில் வையுங்கள். தனக்கும் வரலாம் என்ற எண்ணத்துக்கு, "உங்க பிள்ளைக்கு இனிமே மணல்வாரி வருமா, வராதா?" என்று கேளுங்கள். பயனுக்கு, "ரெண்டாவது ஊசி போட்டா புதுசா என்ன கிடைக்குது?" போதும். தடைக்கு, "அந்த ஊசிக்கு வர்றதுல எது சிரமம்? அப்புறம் வேற என்ன?" என்று கேட்டு, இரண்டாவது பதில் வரும்வரை காத்திருங்கள், ஏனெனில் முதலில் வருவது பெரும்பாலும் பொதுவான பதிலாகவே இருக்கும். தூண்டுதலுக்கு, "எந்தத் தேதியில வரணும்னு யார் சொன்னாங்க, எப்படிச் சொன்னாங்க?" தன்னால் முடியும் என்ற நம்பிக்கைக்கு, "ஊசி போட்ட ராத்திரி காய்ச்சல் வந்தா நீங்களே பாத்துக்க முடியுமா?" கடுமையையும் ஒரு கேள்வியாகக் கேட்டுவிடுங்கள், அதை நீக்கியது சரிதானா என்று தெரிந்துகொள்வதற்காகவாவது.

பதில்களை இரு பத்திகளாக எழுதி வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். விளக்கத்துக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: மணல்வாரி ஆபத்தானது என்று போட்டவர்களில் 40 பேரும் போடாதவர்களில் 38 பேரும் சொல்கிறார்கள். எல்லோரும் நம்புவதைச் சொல்லி யாரையும் நகர்த்த முடியாது என்பதால், கடுமை அங்கே முடிந்துவிடுகிறது. "ஒரு ஊசி போட்டாச்சு, இனிமே வராது" என்று போட்டவர்களில் 12 பேரும் போடாதவர்களில் 29 பேரும் சொல்கிறார்கள். காய்ச்சலும் அதனால் போகும் கூலியும் சிரமம் என்று போட்டவர்களில் 14 பேர், போடாதவர்களில் 31 பேர். பிரசாரம் இந்த இரண்டின் மேல்தான் நிற்க வேண்டும். குழு 45 பேர் அளவுக்குச் சிறியதாக இருக்கும்போது ஒன்பது பத்துப் பேருக்குக் குறைவான வித்தியாசத்தைத் தற்செயல் என்றே கொள்ளுங்கள். உங்கள் ஊரின் விடை வேறாக வரலாம். ஆனாலும் இந்த இரண்டு காரணங்களும் இந்தத் தவணைக்கு இயல்பானவை என்பதால், அவற்றுக்குச் செய்தி எழுதும் முறையை விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது, ஒரு ஊசி போதும் என்ற எண்ணம். இதை அறியாமை என்று ஒதுக்க முடியாது, ஏனெனில் இரண்டாவது ஊசி எதற்கு என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. நம் கையேடுகளும் அதைப் 'பூஸ்டர்' என்ற ஒரு சொல்லில் முடித்துவிட்டு, முதல் ஊசியின் சக்தி தேய்ந்துவிடும் என்ற தவறான பொருளைத் தந்துவிடுகின்றன. உண்மை வேறு. 9 மாதத்தில் போடும்போது, தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் சில பிள்ளைகளின் இரத்தத்தில் இன்னும் இருந்து ஊசியின் வேலையைத் தடுப்பது போன்ற காரணங்களால், நூற்றுக்குச் சுமார் 85 பிள்ளைகளுக்குத்தான் பாதுகாப்பு உண்டாகிறது. மீதிப் பதினைந்து பேருக்கு ஊசி போட்டும் போடாத நிலைதான். இரண்டாவது ஊசி முக்கியமாக அவர்களுக்காக. அதைப் போட்டபின் பாதுகாப்பு 95 சதவீதத்தைத் தாண்டுகிறது. பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்தில் தக்காளி நடுகிறவர்களிடம் இதைச் சொல்வது எளிது: நாற்று நட்டால் சில பிடிக்காமல் போகும், அந்த இடத்தில் மறுநாற்று வைப்போம், வயலில் எது பட்டுப்போனது என்று கண்ணுக்குத் தெரியும், பிள்ளையைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது, அதனால் எல்லாப் பிள்ளைக்கும் மறுபடி போடுகிறோம். இந்த ஒரே செய்தியில் தனக்கும் வரலாம் என்ற எண்ணமும் பயனும் சேர்ந்து வந்துவிடுகின்றன. இரண்டுக்கும் தனித்தனிச் சுவரொட்டி தேவையில்லை.

இரண்டாவது, காய்ச்சல். இதில்தான் வழக்கமான பிரசாரங்கள் சறுக்குகின்றன என்று நினைக்கிறேன். 16 முதல் 24 மாதத்தில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி மட்டும் போடப்படுவதில்லை. தொண்டை அடைப்பான், கக்குவான், இரண ஜன்னிக்கான முத்தடுப்பு ஊசியின் ஊக்கத் தவணையும் அன்றே தொடையில் போடப்படுகிறது. அன்று இரவு வரும் காய்ச்சலும் தொடை வீக்கமும் பெரும்பாலும் அந்த முத்தடுப்பு ஊசியால் வருபவை. ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும். தட்டம்மை ஊசியின் காய்ச்சல் அன்று வருவதில்லை. 7 முதல் 12 நாள் கழித்து, சில பிள்ளைகளுக்கு மட்டும், லேசான காய்ச்சலாகவும் சிறு தடிப்பாகவும் வரும். முன்கூட்டியே சொல்லப்படாத தாய்க்கு இது எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். முதலில் ஓர் இரவு காய்ச்சல், பிள்ளை நொண்டி நடக்கிறது, மறுநாள் நூறு நாள் வேலைக்கோ களை எடுக்கவோ போக முடியவில்லை. அது ஓய்ந்து அடுத்த வாரமே உடம்பில் தடிப்பு. "ஊசி போட்டதால அம்மை வந்துடுச்சு" என்று அவர் சொன்னால், கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். அந்தத் தெருவில் அடுத்த நான்கு குழந்தைகள் வராமல் போவதற்கு அந்த ஒரு வாக்கியம் போதும்.

ஆகவே காய்ச்சல் வராது என்றோ, பயப்பட ஒன்றுமில்லை என்றோ எழுதாதீர்கள். எப்போது, எதனால், எத்தனை நாள் என்று எழுதுங்கள்: இன்று இரவு காய்ச்சல் வரலாம், தொடை வீங்கலாம், ஒன்றிரண்டு நாளில் போய்விடும், அடுத்த வாரத்தில் இன்னொரு முறை லேசான காய்ச்சலும் தடிப்பும் சில பிள்ளைகளுக்கு வரும், அது தானே மறையும், மற்றவர்களுக்குத் தொற்றாது, காய்ச்சல் மிகவும் கடுமையானாலோ, வலிப்பு வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். இதைச் சுவரில் ஒட்டுவதைவிட ஒரு சிறு சீட்டாக்கி, ஊசி போட்டவுடன் காய்ச்சல் மருந்தோடு தாயின் கையில் கொடுத்து, செவிலியர் ஒருமுறை வாயால் சொல்லி, தாயைத் திருப்பிச் சொல்லச் சொல்வது பல மடங்கு பயன் தரும். தன்னால் சமாளிக்க முடியும் என்ற நம்பிக்கை அந்தத் திருப்பிச் சொல்லலில்தான் உருவாகிறது. வீட்டுக்குப் போனதும் மாமியாருக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. சீட்டில் இருக்கும் வாக்கியங்கள் அவர் அப்படியே எடுத்துச் சொல்லக்கூடியவையாக இருக்க வேண்டும். மாதிரி தனிமனிதரின் நம்பிக்கையை மட்டும் பேசுகிறது. வீட்டில் முடிவெடுப்பவர் வேறொருவர் என்பதற்கு அதில் இடமில்லை. எனவே போடாத வீடுகளில் பாட்டியிடமும் அதே கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்.

கூலி இழப்பை எந்தச் செய்தியாலும் போக்க முடியாது. புதன்கிழமை ஊசி போட்டால் காய்ச்சல் வியாழக்கிழமை வேலையைக் கெடுக்கும். தோட்ட வேலைக்குப் போகும் தாய்மார் அதிகமுள்ள ஊர்களில் மாதம் ஒரு முறை சனிக்கிழமை மாலை அமர்வு வைக்க முடியுமா என்று வட்டார மருத்துவ அலுவலரிடம் கேளுங்கள். சுவரொட்டிச் செலவில் பாதியை இதற்கான வண்டிக்குக் கொடுத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

தூண்டுதலைப் பற்றி ஒரு விஷயம் அதிகம் பேசப்படுவதில்லை. டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியின் கடைசித் தவணை ஒன்பதாம் மாத ஊசியோடு வந்து முடிகிறது. அதுவரை பணம், அட்டை, செவிலியரின் அழைப்பு எல்லாம் ஒரே திசையில் தள்ளிக்கொண்டிருந்தன. அதன்பின் ஏழு மாதங்களுக்குத் தாயை எந்த நிகழ்வும் சுகாதார நிலையத்துக்கு அழைப்பதில்லை. "ஒன்றரை வயதில் வாருங்கள்" என்று சொன்னால் அது தேதி ஆகாது. ஒன்பதாம் மாத ஊசியன்றே அட்டையில் இரண்டாம் தவணைக்கான புதன்கிழமையைக் குறித்துக் கொடுங்கள். முந்தின நாள் மாலை தாயின் எண்ணுக்கும் தந்தையின் எண்ணுக்கும் செவிலியரின் சொந்தக் குரலில் ஓர் அழைப்போ குரல்பதிவோ போகட்டும். தெரிந்த குரலுக்கு இருக்கும் மதிப்பு பதிவுசெய்த விளம்பரக் குரலுக்கு இல்லை.

பென்னாகரத்தில் இந்த இடைவெளியை இன்னும் அகலமாக்குவது இடப்பெயர்ச்சி. பிள்ளை நடக்கத் தொடங்கியதும் பெற்றோர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கோ திருப்பூருக்கோ போய்விடுகிறார்கள். பிள்ளை பாட்டியிடம், அட்டை அம்மாவிடம், அல்லது மூவரும் அங்கே. இவர்களுக்குத் தேவை மூன்றே செய்திகள்: அட்டையைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள், நாட்டில் எந்த அரசு மருத்துவமனையிலும் இந்த ஊசி இலவசம், 24 மாதம் தாண்டிவிட்டாலும் 5 வயது வரை போடலாம். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். காலம் தாண்டிப் போனால் திட்டுவார்கள் என்று பயந்து வராமலே இருந்துவிடும் தாய்மார் உண்டு. பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் எல்லோரும் திரும்பி வரும் வாரத்தில் ஒரு சிறப்பு அமர்வு வைத்தால், ஆண்டு முழுவதும் கிடைக்காத குழந்தைகள் அப்போது கிடைப்பார்கள்.

நம்பிக்கையோடு தொடர்பே இல்லாத ஒரு காரணம் உங்கள் கணக்கில் நம்பிக்கைக் குறைவாக வேடமிட்டு வரக்கூடும். தட்டம்மை–ரூபெல்லா மருந்து தூளாக வருவது. கரைத்த பிறகு நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும், மீதியை எறிந்துவிட வேண்டும். ஒரு குப்பியில் ஐந்தோ பத்தோ பேருக்கான மருந்து இருப்பதால், ஒரே குழந்தை வந்த நாளில், "அடுத்த வாரம் வாங்க, நாலு பிள்ளை சேரட்டும்" என்று திருப்பி அனுப்புவது நடக்கிறது. ஒரு குழந்தைக்காகவும் குப்பியைத் திறக்கலாம், ஆனால் வீணானதற்குக் கணக்குக் கேட்பார்களோ என்ற அச்சம் பணியாளருக்கு இருக்கிறது. கூலியை விட்டு வந்து வெறுங்கையோடு திரும்பிய தாய் மறுமுறை வரமாட்டார்; கேட்டால் "நேரமில்லை" என்பார். இதைப் பிரித்தறிய, "ஊசிக்குப் போய்ப் போடாமல் திரும்பினீர்களா?" என்ற கேள்வியைத் தனியாகச் சேருங்கள். ஆம் என்பவர்கள் நான்கைந்து பேருக்கு மேல் இருந்தால், பிரசாரத்தை நிறுத்திவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள். வரச் சொல்லி அழைத்து மேலும் பலரைத் திருப்பி அனுப்புவது நிலைமையை மோசமாக்கும்.

சீட்டையும் மிஞ்சும் ஒன்றிரண்டு சுவரொட்டிகளையும் அச்சிடுமுன் எட்டுப் பத்துத் தாய்மாரிடம் காட்டிச் சோதியுங்கள். பிடித்திருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "இதைப் பார்த்துட்டு உங்க நாத்தனார்கிட்ட என்ன சொல்வீங்க?" என்று கேளுங்கள். இரண்டு காய்ச்சல்களையும் பிரித்துச் சொல்ல முடியாதவர்கள் மூவருக்கு மேல் இருந்தால் வாசகத்தைத் திருப்பி எழுதுங்கள்.

பலனை அளக்கும்போது, எத்தனை பேர் சுவரொட்டியைப் பார்த்தார்கள் என்பதை எண்ணாதீர்கள். நான்கு துணை நிலையங்கள் இருந்தால் இரண்டில் இப்போதும் இரண்டில் ஆறு மாதம் கழித்தும் தொடங்குங்கள். 18 மாத வயது முடியும்போது இரண்டாம் தவணை பெற்றிருக்கும் குழந்தைகளின் பங்கை இரு தரப்பிலும் ஒப்பிடுங்கள். சில மாதங்களிலேயே வேறுபாடு தெரியத் தொடங்கும், ஆனால் எண்ணிக்கை சிறியது என்பதால் ஒரு மாதத்து ஏற்ற இறக்கத்தைப் பார்த்து முடிவு கட்ட வேண்டாம். தனியார் மருத்துவரிடம் 15 மாதத்தில் தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான ஊசியைப் போட்ட பிள்ளைகள் அரசுப் பதிவேட்டில் விடுபட்டவர்களாகவே நிற்பார்கள். ஒசூரை ஒட்டிய பகுதிகளில் இத்தகையவர்களை அதிகம் எதிர்பார்க்கலாம். ஒப்பிடுவதற்கு முன் அந்த வீடுகளின் அட்டையைப் பார்த்து அவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.